டைம்ஷீட் எங்கே? கோபம் இல்லாமல் கேட்கும் முறை

"எத்தனை தடவை சொல்றது? இன்னும் பாதிப் பேர் டைம்ஷீட் போடல. ஒவ்வொரு மாசமும் உங்க பின்னாடியே ஓட முடியாது. இன்னைக்குள்ள முடிங்க!!"

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் ஐ.டி. அலுவலகங்களில், மாதக் கடைசியில் இப்படி ஒரு செய்தி ஏதாவது ஒரு குழுவின் சாட்டில் வந்து விழுந்துவிடும். அனுப்பிய டீம் லீடின் ஆத்திரத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது புரிந்திருக்காது. எந்த வாரத்து டைம்ஷீட்? யார் யார் போடவில்லை? "இன்னைக்குள்ள" என்றால் எத்தனை மணிக்குள்? நான்கு வாக்கியம் இருந்தும் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. இடம் முழுவதையும் கோபமே எடுத்துக்கொண்டுவிட்டது.

டைம்ஷீட் என்பது, ஓர் ஊழியர் எந்த நாளில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்பதன் வாராந்தரக் கணக்கு. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் பணம் வாங்கும் திட்டங்களில் இந்தக் கணக்குதான் பில்லுக்கு ஆதாரம். ஊழியர் சமர்ப்பிக்க வேண்டும், லீட் அல்லது மேனேஜர் ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் நிதிப் பிரிவு பில் போடும். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் நான்கு பேர் ஒரு வாரத்துக் கணக்கைத் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 40 மணி வீதம் 160 மணி நேரம். மணிக்கு 25 டாலர் என்றால் 4,000 டாலர் அந்த மாதத்துப் பில்லில் ஏறாது. வேலை நடந்திருக்கும், சம்பளமும் போயிருக்கும், வரவு மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

லீடின் கோபத்துக்கு வேர் இதுதான். அப்படியிருக்க, செய்தியில் சொல்ல வேண்டியதும் இதைத்தானே?

2025 ஜூன் மாதக் கடைசியை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 30 திங்கட்கிழமை. வாரம் அன்றுதான் தொடங்குகிறது, மாதமோ அன்றோடு முடிகிறது. பல நிறுவனங்களில் இப்படிப்பட்ட வாரத்தை இரண்டாக உடைப்பார்கள்: திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் ஜூன் கணக்கு, செவ்வாய் முதல் ஜூலை கணக்கு. ஊழியர்கள் பலர் "வாரம் இன்னும் முடியலையே, வெள்ளிக்கிழமை போட்டுக்கலாம்" என்று நினைத்திருப்பார்கள். சோம்பலை இதில் தேட வேண்டாம். தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இதற்குத் திட்டு மருந்தாகாது, விளக்கம்தான் மருந்து.

முதல் செய்தியைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசம் திங்கட்கிழமையோட முடியுது. அதனால ரெண்டு டைம்ஷீட் வேணும்: ஜூன் 23–27 வாரம் முழுசும், ஜூன் 30 ஒரு நாள் தனியா. ரெண்டையும் திங்கள் மாலை 5 மணிக்குள்ள (இந்திய நேரம்) சப்மிட் பண்ணிடுங்க. 6.30-க்குள்ள நான் அப்ரூவ் பண்ணிடுவேன், 8 மணிக்கு பைனான்ஸ் ஜூன் கணக்கை மூடுறாங்க. புராஜெக்ட் கோடு வரல, லீவு ஏறலன்னா மதியம் 2 மணிக்குள்ள எனக்குச் சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன். ஏற்கெனவே ரெண்டையும் போட்டவங்களுக்கு நன்றி."

பழையதைவிட நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலை இருக்கிறது. "இந்திய நேரம்" என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு. குழுவில் ஒருவர் நியூ ஜெர்சியில் இருந்தால், அவருக்கு "இன்னைக்குள்ள" என்பது அவர் ஊர் மாலை 6 மணி வரை நீளும்; சென்னையில் அப்போது மறுநாள் அதிகாலை 3.30. கணக்கு மூடிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். ஐந்து, ஆறரை, எட்டு என்று மூன்று நேரங்களையும் வெளிப்படையாகச் சொன்னதால், 5 மணி என்பது லீட் இஷ்டத்துக்கு வைத்த கெடு அல்ல என்று படிப்பவருக்குத் தெரிகிறது. உண்மையான கெடுவை மறைத்து "மதியம் 12-க்குள்ள" என்று சொல்லிவிட்டு, எட்டு மணி வரை வாங்கிக்கொள்ளும் லீடுகள் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் குழு அதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு அவர் சொல்லும் எந்த நேரத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மென்மையாக எழுத முயல்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. "முடிஞ்சா இன்னைக்குக் கொஞ்சம் போட்டுடுங்களேன், ப்ளீஸ்" என்று எழுதினால் மரியாதை இருக்கிறது, கெடு இல்லை. முடியாதவர் போடாமலிருக்க அனுமதியும் சேர்ந்தே போகிறது. வணக்கம், நன்றி, உதவுகிறேன் என்ற உறுதி ஆகியவற்றில் அன்பைக் காட்டலாம். நேரத்தைச் சொல்லும் வாக்கியத்தில் தளர்வு கூடாது.

இனி அந்த நான்கு பேர். "பாதிப் பேர் போடல" என்ற பழைய செய்தி, ஒழுங்காகப் போட்ட எட்டுப் பேரையும் சேர்த்துத் திட்டியது. அதைவிட மோசமானது, நிதிப் பிரிவு காலையில் அனுப்பும் "டிஃபால்டர்ஸ் லிஸ்ட்"டை மதியம் அப்படியே குழுவில் ஒட்டுவது. அதற்குள் ஒருவர் போட்டு முடித்திருப்பார். இன்னொருவர் எல்லா மணியையும் நிரப்பி "சேவ்" மட்டும் அழுத்தியிருப்பார், "சப்மிட்" அழுத்தியிருக்க மாட்டார். தன் பெயர் ஏன் வந்தது என்றே அவருக்குப் புரியாது. வேறொருவரின் டைம்ஷீட்டைத் தவறான கோடு போட்டதற்காக மேனேஜரே திருப்பி அனுப்பியிருப்பார், அந்த மின்னஞ்சல் கண்ணில் பட்டிருக்காது. நான்கு பெயர், நான்கு காரணம். பட்டியலை ஒட்டும் முன் கணினியில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, தனித்தனியாக எழுதுவதே சரி:

"கார்த்திக், உங்க ஜூன் 23–27 டைம்ஷீட் 'சேவ்' நிலையிலேயே இருக்கு, சப்மிட் ஆகல. ஒரு தடவை சப்மிட் அழுத்திட்டு, 30-ஆம் தேதியையும் சேர்த்து 5 மணிக்குள்ள முடிச்சிடுங்க. ஏதாவது தடை இருந்தா இப்பவே சொல்லுங்க."

இதில் குற்றச்சாட்டு இல்லை, திரையில் கண்ட நிலை இருக்கிறது. கார்த்திக் சாக்குச் சொல்லத் தேவையில்லாமல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். டீம்ஸ் சாட்டில் ஒரு செய்தியை "அர்ஜென்ட்" என்று குறித்தால், படிக்கும் வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் அறிவிப்பு அடித்துக்கொண்டே இருக்கும். காலை பத்து மணிக்கே அதைப் பயன்படுத்தினால் அதுவும் ஒரு கூச்சல்தான். 4.30-க்கும் ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டால் அப்போது அதற்கு அர்த்தம் உண்டு.

ஐந்து மணியும் தாண்டிவிட்டால்? உறுதி என்பது இங்கேதான் சோதிக்கப்படும். குரலை உயர்த்த வேண்டியதில்லை, நடக்கப்போவதைச் சொன்னால் போதும்: "5 மணிக்கு ஜூன் லிஸ்டை மூடிட்டேன். உங்க 48 மணி நேரம் இனி ஜூலை பில்லில்தான் சேரும். இன்னைக்கே சப்மிட் பண்ணி, தாமதக் காரணத்தை ரெண்டு வரியில எழுதிடுங்க. பைனான்ஸ் கேட்கும்போது நான் அதைத்தான் அனுப்பணும்." சம்பளம் நிற்கும், அப்ரைசலில் பார்த்துக்கொள்கிறேன் என்று தன் கையில் இல்லாததைச் சொல்லி மிரட்டினால், அது நடக்காத அன்று எல்லாமே வெறும் பேச்சாகிவிடும்.

இத்தனையும் எழுதிய லீட் 6.30-க்குள் ஒப்புதல் தருவதாகத் தானே சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பேரும் சமர்ப்பித்தும், அவர் வாடிக்கையாளர் அழைப்பில் மாட்டிக்கொண்டு எட்டு மணியைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம்கூட பில்லில் ஏறாது. அதனால் அனுபவம் உள்ள லீடுகள் அன்று 5 முதல் 6.30 வரை காலண்டரில் தங்கள் நேரத்தையும் முன்கூட்டியே பூட்டி வைக்கிறார்கள். வர முடியாத நாளில் ஒப்புதல் அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு, அவர் பெயரையும் அதே செய்தியில் சேர்த்துவிடுகிறார்கள்.