நேற்றைய 3 விலைகளில் இன்றைய எல்லைகள்

ஒரு பங்கு நேற்று அதிகபட்சம் 520 ரூபாய்க்கும் குறைந்தபட்சம் 500 ரூபாய்க்கும் விற்று, 516-ல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 512. இதுவே இன்றைய பிவட் புள்ளி.

பிவட்டின் இருமடங்கு 1024. அதில் நேற்றைய குறைந்த விலையைக் கழித்தால் 524. இது முதல் தடைநிலை. உச்ச விலையைக் கழித்தால் 504. இது முதல் ஆதரவுநிலை. நேற்றைய ஏற்ற இறக்கமான 20 ரூபாயை பிவட்டுடன் கூட்டினால் இரண்டாம் தடை 532, கழித்தால் இரண்டாம் ஆதரவு 492.

விலை 512-க்கு மேலே நிலைத்தால் வாங்குவோர் கை ஓங்கியிருக்கிறது என்று வணிகர்கள் கொள்கிறார்கள். ஆனால் இரவில் வந்த செய்தியால் பங்கு 540-லேயே தொடங்கினால், எல்லாத் தடைகளும் கீழே போய்விடும். அன்று இந்தக் கணக்கை நம்பி வணிகம் செய்யக் கூடாது.