தொலைவில் இருக்கும் க்யூபிட்டுக்குக் கட்டும் கப்பம்

காகிதத்தில் குவாண்டம் சர்க்யூட் வரையும்போது எந்த க்யூபிட்டையும் எந்த க்யூபிட்டோடும் கோடு போட்டு இணைத்துவிடலாம். சில்லில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஐபிஎம் 2021-ல் வெளியிட்ட 127 க்யூபிட் 'ஈகிள்' சில்லில்கூட ஒரு க்யூபிட்டுக்கு அதிகபட்சம் மூன்று அண்டை க்யூபிட்கள்தான். இரண்டு க்யூபிட்கள் சேர்ந்து செய்யும் கேட், அண்டையில் இருப்பவற்றுக்குள் மட்டுமே நேரடியாக நடக்கும்.

நாம் எழுதும் சர்க்யூட்டைச் சில்லுக்குத் தெரிந்த சில கேட்களாக மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. ஐபிஎம்மின் 'மணிலா' என்ற 5 க்யூபிட் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் க்யூபிட்கள் 0-1-2-3-4 என ஒரே வரிசையில் இருந்தன. அதற்கு ஹாடமார்ட் கேட் நேரடியாகத் தெரியாது. `rz`, `sx`, `rz` என்று மூன்றாக உடைத்துத் தர வேண்டும். இதில் `rz` மென்பொருளிலேயே முடிந்துவிடுவதால் நேரமும் ஆகாது, பிழையும் சேராது. இந்த உடைப்பில் பெரிய நஷ்டமில்லை.

நஷ்டம் ஸ்வாப்பில் இருக்கிறது. அண்டையில் உள்ள இரண்டு க்யூபிட்களின் நிலைகளை இடம் மாற்றுவதே ஸ்வாப். ஒரு ஸ்வாப்புக்கு மூன்று சிநாட் கேட்கள் செலவாகும். பிழை அதிகம் சேருவதும் இந்த இரட்டை க்யூபிட் கேட்களில்தான்.

ஐந்து க்யூபிட்களையும் பின்னிப் பிணைக்கும் 'ஜிஎச்இசட்' நிலையை உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0-ஆம் க்யூபிட்டில் ஒரு ஹாடமார்ட், பிறகு அதிலிருந்து மற்ற நான்குக்கும் ஒவ்வொரு சிநாட் என்பது பலரும் எழுதும் முறை. ஆனால் வரிசையில் 0-க்கு அண்டை 1 மட்டுமே. ஆகவே 1-உடன் சிநாட் செய்துவிட்டு, அதோடு இடம் மாறி, 2-க்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இப்படியே கடைசிவரை போனால் மூன்று ஸ்வாப் ஆகும். நான்காக இருந்த சிநாட் 13 ஆகிவிடும். ஒரு சிநாட்டுக்கு 1% பிழை என்று கொண்டால், எந்தச் சிநாட்டும் பிழைக்காமல் முடியும் வாய்ப்பு 96 சதவீதத்திலிருந்து 88 சதவீதமாக இறங்கும்.

நல்ல கம்பைலர் இதில் கொஞ்சம் மீட்டுத் தரும். ஒரே ஜோடியில் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான இரண்டு சிநாட்கள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். சிநாட்டை அடுத்து ஸ்வாப் வரும் மூன்று இடங்களிலும் நான்கு கேட் இரண்டாகக் குறைந்து, மொத்தம் 7 ஆகும்.

சர்க்யூட்டையே மாற்றி எழுதினால் அதைவிட லாபம். 0-லிருந்து 1-க்கு, 1-லிருந்து 2-க்கு, பிறகு 3, 4 என்று சங்கிலியாகச் சிநாட் போட்டாலும் கிடைப்பது அதே ஜிஎச்இசட் நிலைதான். ஸ்வாப்பே தேவையில்லை; நான்கு சிநாட்டில் வேலை முடிந்துவிடும்.

பெரிய சர்க்யூட்டில் மிகக் குறைந்த ஸ்வாப்பைக் கண்டுபிடிப்பது கடினமான கணக்கு. அதனால் கிஸ்கிட் போன்ற மென்பொருள்கள் தோராய முறைகளையே நம்புகின்றன. அவற்றில் தற்செயல் தேர்வும் உண்டு என்பதால் ஒரே சர்க்யூட் இரண்டு முறை இரண்டு விதமாக வரலாம். எனவே சில முறை கம்பைல் செய்து, ஒவ்வொரு முறையும் `count_ops()` காட்டும் இரட்டை க்யூபிட் கேட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். குறைவாக வந்ததையே சில்லுக்கு அனுப்புங்கள்.