டிராயரை முழுசாக இழுக்க முடிகிறதா?

பத்துக்குப் பதினொன்று. ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்களுக்குப் பழகிப்போன படுக்கையறை அளவு. காலியாக இருக்கும்போது தாராளமாகத்தான் தெரியும். கட்டிலும் பீரோவும் வந்து இறங்கிய பிறகுதான் ஆள் ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர் ஒருவரின் தோள் அகலம் ஏறக்குறைய 18 முதல் 20 அங்குலம். நடக்கும்போது கை வீச்சும் சேர்வதால், கட்டிலோரம் ஒரு ஆள் நிமிர்ந்து போக 24 அங்குலமாவது வேண்டும். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதென்றால் 30. கதவிலிருந்து அறைக்குள் வரும் முக்கிய வழிக்கு 36 விட்டால் நல்லது. வீட்டில் வாக்கரோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துகிறவர் இருந்தால் அந்த 36-ஐ எதற்காகவும் குறைக்கக் கூடாது.

இந்தக் கணக்கை நம் அறையில் போட்டுப் பார்ப்போம். அகலம் 120 அங்குலம், நீளம் 132. ஐந்துக்கு ஆறரை மெத்தை போடும் கட்டிலைக் கடைக்காரர் அப்படியே ‘அஞ்சுக்கு ஆறரை’ என்பார். அது மெத்தையின் அளவு. சட்டம், தலைப்பலகை எல்லாம் சேர்த்து அளந்தால் 63-க்கு 82 வரும். கட்டிலின் தலைமாட்டைப் பத்தடிச் சுவரில் ஒட்டி நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 28 அங்குலத்துக்குக் குறையாது. கால்மாட்டில் 50 மிஞ்சும். இதுவரை குறையில்லை.

இனி பீரோ. மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், இரட்டைக் கதவு, அடியில் ஒரு டிராயர். எல்லோரும் செய்வதுபோல் அதைக் கால்மாட்டுச் சுவரில், கட்டிலைப் பார்த்தபடி நிறுத்துகிறோம். 50-இல் 24 போக மீதி 26. கதவு ஒவ்வொன்றும் 18 அங்குலம்தான், இடிக்காமல் திறக்கிறது. ஆசாரி திறந்து மூடிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நாமும் திருப்தியாகத் தலையாட்டுவோம்.

அடி டிராயரை இழுக்கும்போதுதான் கோளாறு தெரியும். அது 18 அங்குலம் வெளியே வந்தால் கட்டிலுக்கு முன்னால் மிஞ்சுவது 8 அங்குலம். அதில் கால் வைக்கலாம், குனிய முடியாது. டிராயரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்காரவே இரண்டடி வேண்டும். ஆக, டிராயருக்கு 18, ஆளுக்கு 24, மொத்தம் 42 அங்குலம் தேவைப்படுகிற இடத்தில் நம்மிடம் இருப்பது 26. கதவு திறப்பதை மட்டும் பார்த்து இடம் போதும் என்று முடிவு செய்வதில் இருக்கும் ஓட்டை இதுதான். இப்படிப்பட்ட வீடுகளில் டிராயர் பாதிவரைதான் வரும். பின்பாதியில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

சாமானை மாற்ற வேண்டாம், முகத்தைத் திருப்பினால் போதும். பீரோவைக் கால்மாட்டு மூலையிலேயே விட்டு, முதுகை இடப்பக்கச் சுவருக்குக் கொடுங்கள். இப்போது கதவும் டிராயரும் கட்டிலைப் பார்க்காமல், அறையின் குறுக்கே எதிர்ச்சுவரைப் பார்த்துத் திறக்கும். அந்தத் திசையில் எட்டடி வெற்றிடம் இருக்கிறது. வலப்பக்கச் சுவரின் கோடியில் அறைக் கதவு இருந்து, அது திறந்து கால்மாட்டுச் சுவரோடு மூன்றடி சாய்ந்து நின்றாலும், டிராயருக்கு முன்னால் ஐந்தடி இருக்கும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பீரோவின் மூலைக்கும் கட்டிலின் மூலைக்கும் நடுவே வழி 15 அங்குலமாகச் சுருங்கிவிடும். கட்டிலை வலப்பக்கம் 10 அங்குலம் நகர்த்தினால் அது 20 ஆகும். இடப்பக்கம் மூன்றடிக்கு மேல் கிடைக்கும், வலப்பக்கம் 18-ஆகக் குறையும். வலப்பக்கம் படுப்பவர் ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டும். இரவில் அடிக்கடி எழுந்திருப்பவர் எந்தப் பக்கம் படுப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். இடப்பக்கச் சுவரின் அந்த மூலையில் ஜன்னலோ ஸ்விட்ச் போர்டோ இருந்தால் இந்த யோசனை எடுபடாது.

வாங்குவதற்கு முன்பே சரிபார்க்க வழி இருக்கிறது. பழைய செய்தித்தாள்களைக் கட்டில், பீரோ அளவுக்கு ஒட்டித் தரையில் விரியுங்கள். இழுத்த டிராயருக்கும் திறந்த கதவுக்கும் தனியாகத் தாள் போடுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு கையில் கூடையோடு நடந்து பாருங்கள். அறையை நீங்களே டேப் பிடித்து அளப்பது முக்கியம். வரைபடத்தில் இருப்பது பூச்சுக்கு முந்தைய அளவாக இருந்தால், பூச்சிலும் அடிச்சுவர் டைலிலும் ஓரிரு அங்குலம் போயிருக்கும்.

இடமே இல்லை என்பவர்களுக்குக் கடைக்காரர் தள்ளுக்கதவு பீரோவைக் காட்டுவார். கதவுக்கான இடம் மிச்சமாவது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் டிராயர் வெளியே வந்தே ஆக வேண்டும், எனவே முன்னால் விட வேண்டிய 42 அங்குலம் குறையப்போவதில்லை. அதிலும் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் டிராயர் அமைந்துவிட்டால், எந்தப் பக்கம் தள்ளினாலும் அது கதவில் முட்டிக்கொண்டு நிற்கும். கீழே டிராயர் வைக்காமல் வெறும் தட்டுகளோடு செய்யச் சொன்னால், ஆள் நிற்கும் இடம் மட்டும் போதும்.