யாருடைய ‘நாலு’ சரியான நாலு?

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் எல்லா ஆசிரியருக்கும் ஒரே விடைக்குறிப்பு உண்டு. கை தாராளமானவர், கறாரானவர் என்ற வித்தியாசத்தை அது கொஞ்சம் கட்டுப்படுத்தும். அலுவலக அப்ரைசலில் அப்படி ஒன்றும் இல்லை. ‘எதிர்பார்ப்பை மிஞ்சினார்’ என்றால் 4. ஆனால் எதை எதிர்பார்த்தார் என்பது அந்தந்த மேனேஜருக்குத்தான் வெளிச்சம்.

4,492 மேலாளர்களுக்கு அவர்களுடைய உயரதிகாரிகளும் சக ஊழியர்களும் கீழே வேலை செய்பவர்களும் போட்ட மதிப்பெண்களை வைத்து 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கும் மேலானது மதிப்பெண் போட்டவரின் தனிப்போக்கால் வந்தது என்று அது காட்டியது. இந்தக் கோளாறைக் குறைக்கத்தான் பல நிறுவனங்கள் ‘காலிபரேஷன்’ கூட்டம் நடத்துகின்றன. ரேட்டிங் ஊழியரின் கைக்குப் போகும் முன் மேனேஜர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, அளவுகோலை ஒத்துப்பார்ப்பார்கள்.

ஒரு கற்பனை மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு குழுக்கள், ஆளுக்கு எட்டுப் பேர், எல்லோரும் ஒரே பதவி நிலை. புதிய வசதிகளை உருவாக்கும் குழுவின் மேனேஜர் போட்ட சராசரி 3. இரவு பகலாகப் பழுது பார்க்கும் சப்போர்ட் குழுவின் மேனேஜர் போட்டது 4.25. இதைப் பார்த்ததும், பின்னவருடைய எல்லா ரேட்டிங்கிலும் ஒன்றைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழு உண்மையிலேயே நன்றாக வேலை செய்திருக்கலாமே! சராசரி வித்தியாசத்தை வைத்து எங்கே கேள்வி கேட்பது என்று கண்டுபிடிக்கலாம், தீர்ப்பு எழுத முடியாது.

கூட்டத்துக்கு முந்தைய நாளே இருவரும் ரேட்டிங்கை எழுதி எச்.ஆரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பேசுகிறவரின் எண்ணைச் சுற்றியே மற்றவர்களின் எண்ணும் நகரும். ஒவ்வொரு ஊழியருக்கும் அரைப்பக்கம் போதும். அவர் என்ன செய்தார், அதனால் என்ன மாறியது என்பதை ஒவ்வொரு காலாண்டிலிருந்தும் எடுத்து எழுத வேண்டும். காலாண்டு என்பதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பிப்ரவரியில் செய்த வேலை மார்ச்சில் எல்லோருக்கும் நினைவிருக்கும், முந்தைய மே மாதம் செய்தது யாருக்கும் இருக்காது.

பதினாறு பேரையும் அலசத் தேவையில்லை. 3க்கும் 4க்கும் நடுவே ஊசலாடுகிறவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அளவுகோல் விலகுவது பெரும்பாலும் அங்கேதான். சப்போர்ட் குழுவில் ஒருவருக்கு 4. காரணம், நள்ளிரவில் எத்தனை முறை கூப்பிட்டாலும் எழுந்து வந்து சர்வரைச் சரிசெய்வார். மற்றக் குழுவில் ஒரு பெண்ணுக்கு 3. இரவில் அடிக்கடி நின்றுபோன ஒரு புரோகிராமின் மூலக்காரணத்தைக் கண்டுபிடித்து மாற்றி எழுதியவர் அவர். அதன்பின் அந்தக் கோளாறுக்காக யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தை நடத்துபவர் இங்கே எண்களை மறைத்துவிட்டு, இரண்டு அரைப்பக்கங்களையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். முதலாமவர் சரிசெய்தது திரும்பத் திரும்ப வந்த ஒரே பழுது என்பது அப்போது தெரியவரும். உழைப்பு நிஜம்தான், ஆனால் அது அந்தப் பதவியில் எதிர்பார்க்கும் வேலை. அவர் 3க்கு இறங்க, அந்தப் பெண் 4க்கு ஏறுகிறார்.

இந்த ஒரு ஜோடியில் தெளிவு வந்துவிட்டால் மற்றவை வேகமாக நகரும். முடிவில் சப்போர்ட் குழுவில் இரண்டு பேர் ஒரு படி இறங்கி, சராசரி 4 ஆகிறது. மற்றக் குழுவில் மூன்று பேர் ஒரு படி ஏற, சராசரி சுமார் 3.4. இன்னும் வித்தியாசம் இருக்கிறது. இருக்கட்டும், மிச்சமிருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

இத்தனை பேருக்குத்தான் 5, இத்தனை பேர் கட்டாயம் கடைசிப் படியில் என்று முன்கூட்டியே பங்கு வைப்பது வேறு சமாச்சாரம். மைக்ரோசாஃப்ட் அந்த முறையை 2013இல் கைவிட்டது. ஆனால் காலிபரேஷன் என்ற பெயரிலேயே அது பின்வாசல் வழியாக நுழைவதுண்டு. மாறிய ரேட்டிங் எல்லாமே கீழ்நோக்கி மட்டும் மாறி, சம்பள உயர்வு பட்ஜெட்டோடு கச்சிதமாகப் பொருந்தினால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுகூட மாறவில்லையென்றால், பெரும்பாலும் மேனேஜர்கள் ஒருவர் ஆளை மற்றவர் தொடவேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருப்பார்கள். வாய்ச்சாதுரியம் உள்ள மேனேஜரின் ஆட்கள் மட்டும் தப்பிப்பது மூன்றாவது வகை. இதற்குத்தான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரியில் காரணம் எழுதவேண்டும் என்பது. எழுதும்போது, ‘நல்ல மனப்பான்மை’ போன்றவை காரணமாக நிற்காது.

எழுந்து போகும் முன் பட்டியலை இன்னொரு முறை பார்ப்பது அவசியம். மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் 3இலேயே நிற்கிறார்களா? அப்படியானால் அவர்கள் வேலை பார்த்த மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி பேச வேண்டும். பிறகு மேனேஜர் தன் ஊழியரிடம் உட்கார்ந்து பேசும்போது, “நான் 4தான் போட்டேன், கமிட்டியில குறைச்சிட்டாங்க” என்று நழுவ முடியாது. அந்த ஒரு வரிக் காரணத்தை அவரே தன் வாயால் சொல்லியாக வேண்டும்.