புழு வைக்கும் முன்னே

கழுத்தில் முள்கம்பி கீறிய வெள்ளாடு அது. "சின்னக் காயம்தானே" என்று மஞ்சளை அப்பிவிட்டிருந்தார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். நான்காம் நாள் ஆடு மேயாமல் ஒதுங்கி நின்றது. கிட்டப் போனதுமே வீச்சம். முடியை விலக்கினால் விரல் நுழையும் அளவுக்குத் துளை, ரத்தம் கலந்த நீர்க்கசிவு, உள்ளே வெள்ளையாய் ஏதோ நெளிகிறது.

நம் ஊர்ப் புண் ஈக்களில் ஒன்று, அழுகிய சதையைத் தேடாது. புதுக் காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கும் மேலே முட்டையிடும். ஒரே நாளுக்குள் பொரிந்த புழு, உயிருள்ள சதையைத் தின்றபடி உள்ளே இறங்கும். வெளியே தெரியும் வாய் சின்னது, உள்ளே குடைந்திருப்பது பெரிது. ஏமாறுவது அங்கேதான்.

அந்த ஆட்டுக்கு முதலில் காயத்தைச் சுற்றி முடியைக் கத்தரித்தோம். வெட்டிய முடி உள்ளே விழாதபடி ஈரத்துணியால் துளையை மூடிக்கொண்டோம். டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணித்திரியைத் துளைக்குள் வைத்ததும் புழுக்கள் மூச்சுக்கு மேலே வந்தன. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெயில் போட்டோம். மண்ணில் உதிர்ந்தால் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகும். பிறகு, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவினோம். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. கடைசியாகப் போவிடோன் அயோடின். காயத்தைச் சுற்றி ஈ விரட்டும் களிம்பு. மறுநாள் பார்த்தபோது உள்ளே இன்னும் மூன்று புழுக்கள்! ஒரு தடவையில் முடிந்ததென்று நினைக்கவே கூடாது.

பெட்ரோலும் ஃபீனாயிலும் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். புழுவோடு நல்ல சதையும் வெந்துபோகும், ஆறுவது தள்ளிப்போகும்.

"தைச்சுட்டா சீக்கிரம் ஆறிடாதா, டாக்டர்?" என்று அண்ணன் கேட்டார். "புழுவும் சீழும் இருந்த புண்ணைத் தைச்சா உள்ளேயே அழுகும். இது திறந்தே அடியிலிருந்து ஆறட்டும்" என்றார் கால்நடை மருத்துவர். ரணஜன்னி தடுப்பு ஊசியும் போட்டார்.

தையல் புதுக் காயத்துக்குத்தான். முழுத்தோலும் பிளந்து வாய் விரிந்திருந்தால் ஆறேழு மணி நேரத்துக்குள் மருத்துவர் வந்துவிட வேண்டும். மடிக்காம்பு, கண்ணிமை, மூட்டு, வயிறு என்றால் காயம் எவ்வளவு சின்னதானாலும் கை வைக்காமல் கூப்பிடுங்கள். பால் ஒழுகும் காம்புக் கிழிசல் ஒரு நாள் தள்ளினாலும் ஒட்டுவது கடினம். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், உப்புநீரில் நனைத்த சுத்தத் துணியால் தாங்கிப் பிடியுங்கள். நாய்க்கடி தனிக்கதை: கையுறையோடு சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசி. அங்கே அவசரப்பட்டுத் தைக்கக் கூடாது.

மூன்றாம் வாரம் அந்தக் கழுத்துப் புண் ரோஜா நிறச் சதையாக மேலெழும்பி, ஓரத்திலிருந்து தோல் மூடத் தொடங்கியது. முள்கம்பியை அண்ணன் அன்றைக்கே சுருட்டி எடுத்துவிட்டிருந்தார்.