தாய்மாமன் மடியில் முதல் மொட்டை

குழந்தையின் முதல் முடியைக் குலதெய்வத்துக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பரவலாக உள்ள வழக்கம். 7, 9, 11 என ஒற்றைப்படை மாதத்திலோ, ஒரு வயது நிறையும்போதோ முடி இறக்குவார்கள். அப்போது தவறிவிட்டால் 3 வயதில் செய்வதுண்டு. பழனிக்கோ திருச்செந்தூருக்கோ சமயபுரத்துக்கோ நேர்ந்துகொண்டிருந்தாலும், முதல் மொட்டை குலதெய்வத்துக்குத்தான் என்பது பல குடும்பங்களில் மாறாத முறை. பெரும்பாலும் அதே நாளில் காதும் குத்திவிடுகிறார்கள்.

இந்தச் சடங்கில் முதல் மரியாதை தாய்மாமனுக்கு. அவர் மாலை போட்டுச் சம்மணமிட்டு உட்கார, குழந்தையை அவர் மடியில் வைத்துத்தான் முடி எடுக்கிறார்கள். உடன்பிறந்த மாமன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட மாமனோ, தாத்தாவோ அந்த இடத்தில் உட்காருவார். பிறந்த வீட்டின் உறவு தன் மகளின் குழந்தைக்குத் துணை நிற்கிறது என்பதை ஊரறியச் சொல்லும் ஏற்பாடு அது. குழந்தையின் அழுகையும் பெரும்பாலும் அந்த மடியிலிருந்துதான் தொடங்குகிறது.

எட்டாவது மாத வாக்கில் குழந்தைக்குத் தெரிந்த முகம், தெரியாத முகம் என்ற பாகுபாடு கூர்மையாகிவிடும். அதுவரை யாரிடமும் சிரித்துக்கொண்டு போன குழந்தை புதியவர் கை நீட்டினால் அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொள்ளும். அம்மா பக்கத்து அறைக்குப் போனாலே அழும். ஒன்றரை வயது வரையில் இந்த அச்சம் வலுவாக இருக்கும். இது ஆரோக்கியமான வளர்ச்சியின் அடையாளம், அடமோ கெட்ட பழக்கமோ இல்லை. மொட்டைக்கு மரபு குறித்திருக்கும் வயதும் ஏறக்குறைய இதே காலம்தான். வெளியூரில் வேலை பார்க்கும் மாமன் அன்று காலையில்தான் வந்து இறங்குகிறார் என்றால், குழந்தைக்கு அவர் மடி அந்நியர் மடியே. அதன் மேல் ஈரம், தலையை அழுத்திப் பிடிக்கும் கைகள், மேளச் சத்தம், சுற்றி நிற்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. சரியாக எடுத்தால் கத்தி வலிப்பதில்லை. அசைய விடாமல் பிடித்திருப்பதுதான் குழந்தையால் தாங்க முடியாதது.

அதனால் மாமன் கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய சீர், இரண்டு நாள் முன்னதாக வந்து குழந்தையோடு இருப்பது. வந்ததும் தூக்கிக் கொஞ்சாமல், அம்மா மடியில் இருக்கும்போதே எதிரே தரையில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்ட வேண்டும். குழந்தை தானாக நெருங்கி வரும். பிறகு தன் மடியில் வைத்துச் சோறு ஊட்டலாம், பாட்டுப் பாடலாம். குளிப்பாட்டும்போது கையில் நீர் எடுத்துத் தலையில் தடவி, விரல்களால் மெல்லக் கோதிவிடுவதை மாமனும் அம்மாவும் சேர்ந்து ஒரு விளையாட்டாகச் செய்தால், அன்றைக்குத் தலை நனைவது புதிய அதிர்ச்சியாக இருக்காது.

நல்ல நேரத்தையும் குழந்தையின் தூக்க நேரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் குலதெய்வக் கோயில், 11 மாதக் குழந்தை, 9 மணி முதல் 10.30 வரை நல்ல நேரம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குழந்தை வழக்கமாக 10 மணிக்குத் தூங்கும். எல்லோரும் கிளம்பி, சீர்த்தட்டு வரிசை மேளத்தோடு கோயிலைச் சுற்றி வந்து, அதன் பிறகு முடி எடுக்க உட்கார்ந்தால் மணி 10.15 ஆகிவிடும். தூக்கக் கலக்கமும் பசியும் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. மாறாக, காலை 6 மணிக்குக் கிளம்பினால் குழந்தை வண்டியிலேயே ஒரு தூக்கம் போடும். 8.15க்கு இட்லியோ பால்சோறோ கொஞ்சமாக ஊட்டலாம். வயிறு முட்டக் கொடுத்தால் அழும்போது வாந்தி எடுக்கும். 9 மணிக்குத் தலையை நனைத்தால் 9.20க்குள் மொட்டை முடிந்துவிடும். குளித்து, பால் குடித்து, வழக்கமான 10 மணிக்கே குழந்தை தூங்கிப்போகும். சீர்வரிசை ஊர்வலத்தையும் மேளத்தையும் அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால் யாருக்கும் குறைவில்லை. முதல் முடி நல்ல நேரத்துக்குள் எடுக்கப்பட்டால் போதும் என்றே பெரியவர்களும் சொல்வார்கள்.

முடி எடுப்பவரைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது பிளேடு. கண்ணெதிரே உறை பிரித்த புது பிளேடாக இருக்க வேண்டும். ஒருவர் தலையில் பட்ட பிளேடு இன்னொருவர் தலையில் படுவதால் மஞ்சள் காமாலை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகள் பரவ இடமுண்டு. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை. சிறிய குலதெய்வக் கோயில்களுக்கு முடி எடுப்பவரைக் குடும்பமே அழைத்துப்போவதால், பிளேடு பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

வெதுவெதுப்பான நீரால் தலையைச் சில நிமிடங்கள் நன்றாக ஊற வைத்தால் கத்தி இழுக்காது. அவசரத்தில் இரண்டு கை தண்ணீரைத் தெளித்துவிட்டு எடுப்பதால்தான் பல குழந்தைகளுக்குச் சுரீரென்று வலிக்கிறது. மாமன் ஒரு கையால் குழந்தையின் மார்போடு சேர்த்து இரு கைகளையும் அணைத்துக்கொள்ள, தலையை நெற்றிப் பக்கமும் பின்பக்கமும் உள்ளங்கையால் தாங்க வேண்டும். கழுத்தைப் பிடிக்கக் கூடாது. உச்சிக்குழி ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள்தான் பெரும்பாலும் மூடுகிறது. அங்கே விரலை அழுத்தக் கூடாது. அம்மா குழந்தையின் கண்ணுக்கு நேராக, கை தொடும் தூரத்தில் உட்கார வேண்டும். அழுகையைப் பார்க்க முடியவில்லை என்று அம்மா எழுந்து தூரப் போவது இயல்புதான். குழந்தைக்கோ அதுதான் இன்னும் பெரிய பயம்.

அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த நான்கு பேர் நான்கு கிலுகிலுப்பைகளை ஆட்டினால் அழுகை கூடத்தான் செய்யும். ஒரு குரல் போதும். தினமும் தூங்க வைக்கப் பாடும் அதே பாட்டை, அதே மெதுவான குரலில், அம்மா விடாமல் பாட வேண்டும். கையில் பழகிய ஒரு பொருளைக் கொடுக்கலாம். வீட்டில் உருட்டி விளையாடும் சிறு கிண்ணமோ, கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியோ புதுப் பொம்மையைவிட உதவும். வாயில் மிட்டாய், கற்கண்டு, முறுக்குத் துண்டு எதையும் வைக்கக் கூடாது. அழும்போது இழுக்கும் மூச்சோடு அது குரல்வளைக்குள் போய்விடலாம். பாதி மொட்டையில் அழுகை எல்லை மீறினால் நிறுத்திவிட்டு, துடைத்து, ஐந்து நிமிடம் அம்மாவிடம் பால் குடிக்க விடுவதில் எந்தத் தெய்வக் குற்றமும் இல்லை. தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் குறைவாக அழுகிறார்கள் என்பது மருத்துவர்கள் சோதித்துக் கண்டது. சில குழந்தைகள் அழுதபடியே மூச்சை அடக்கி உதடு நீலம் பாரித்துவிடுவார்கள். உடனே நிறுத்தி ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு திரும்பும். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

தந்தையும் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தால், குழந்தைக்கு முடிந்து அது தூங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகள் முகத்தை அடையாளம் காண நெற்றியும் முடியும் சேரும் கோட்டைப் பெரிதும் நம்புகின்றன. தேறுதலுக்குத் தாவும் அப்பாவே வேறு ஆளாகத் தெரிந்தால் அழுகை மறுபடி கிளம்பும்.

மொட்டை முடிந்தும் சிணுங்கல் நிற்காவிட்டால் கழுத்தைப் பார்க்க வேண்டும். காலரிலும் முதுகிலும் ஒட்டிய முடித்துணுக்குகள் குத்திக்கொண்டே இருக்கும். அதனால் முடி எடுக்கும்போது கழற்றிப் போட்டுவிடக்கூடிய பழைய பருத்திச் சட்டையே சரி. கதகதப்பான நீரில் குளிப்பாட்டி, தலையைத் துவட்டி, மெல்லிய பருத்தி உடை போட்டு, அதன் மேல்தான் மாமன் வாங்கிய பட்டு வரலாம். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுவது குளிர்ச்சிக்காக. கல்லில் இழைத்த சந்தனம் நல்லது. வாசனை சேர்த்த பாக்கெட் பொடி பிஞ்சுத் தோலில் எரியக்கூடும். சந்தனத்தில் கற்பூரம் கலக்கவே கூடாது, கைக்குழந்தைக்கு அது நஞ்சு. கீறல் பட்டிருந்தால் சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். அந்த இடத்தில் சந்தனம் வேண்டாம். வெயிலில் போகும்போது பருத்தித் தொப்பி கட்டாயம்.

காதுகுத்து குழந்தை தூங்கி எழுந்த பிறகு நடந்தால் நல்லது. மொட்டையில் அழுது களைத்த குழந்தையை உடனே மறுபடி மடியில் வைத்தால், அதே மாமனைப் பார்த்தாலே அது அலறும்.

மாமன் சீர் பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், குங்குமம், கற்கண்டு என்று ஒற்றைப்படைத் தட்டுகளில் வரும். பெற்றோருக்கு வேட்டியும் சேலையும், குழந்தைக்கு உடையும், தங்கத் தோடும், வெள்ளி அரைஞாணும் கொலுசும் அதில் இருக்கும். தென்மாவட்டங்களில் கிடாயும் சேரும். மற்ற உறவினர் மொய் எழுதுவார்கள். இவற்றில் குழந்தையின் உடம்பில் ஏறும் நகைகளை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். கொலுசின் சலங்கை மணி கழன்று வாய்க்குப் போகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலாம். தொங்கட்டான் உள்ள கம்மலைவிட, பின்பக்கம் கூர் இல்லாத சிறு தோடு காதில் சிக்காது. விலை குறைந்த கவரிங் கம்மலில் உள்ள நிக்கல் புதுத் துளையைப் புண்ணாக்கும். கழுத்துச் சங்கிலியைப் படம் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும், அதோடு தூங்க விடக் கூடாது. பலூன் கட்டி அலங்கரித்திருந்தால் வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையில், அடுத்தடுத்து மூன்று மொட்டை போடும் குடும்பங்கள் உண்டு. முடியின் அடர்த்தியைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பை. பிளேடு அதைத் தொடுவதே இல்லை. வெட்டிய நுனி தட்டையாக இருப்பதால் புதிதாக முளைக்கும் முடி சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வேண்டுதல் ஒன்றே காரணம் என்றால் ஒரு மொட்டை போதும். காய்ச்சலோ, தலையில் புண்ணோ, பொருக்கோ இருந்தால் நாளைத் தள்ளிப்போடலாம். நாள் தவறக் கூடாது என்று பெரியவர்கள் கருதினால் பூமுடி கொடுக்கும் முறை இருக்கிறது. கத்தரிக்கோலால் சில கற்றைகள் மட்டும் எடுத்துத் தெய்வத்துக்குச் செலுத்திவிட்டு, முழு மொட்டையைக் குழந்தை தேறிய பிறகு வைத்துக்கொள்வார்கள்.