சாக்லேட் இல்லைங்க, கருப்பட்டி

கோவைப் பக்கம் ஒரு சின்ன பேக்கரி. ஒரு அவன், ஒரு மாஸ்டர், கல்லாவில் கடைக்காரரே உட்காருவார். தேங்காய் பன்னில் வழக்கமான சர்க்கரைப் பூரணத்தை விட்டுவிட்டுக் கருப்பட்டிப் பூரணம் வைத்துப் போட ஆரம்பித்திருந்தார்கள். பன்னைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார் கடைக்காரர். இன்ஸ்டாகிராமில் போட முதல் வரி வேண்டும். அவரே ஒன்று எழுதியும் வைத்திருந்தார்: “அன்பான வாடிக்கையாளர்களே! எங்கள் பேக்கரியின் புதிய அறிமுகம்! அனைவரும் வந்து சுவைத்து மகிழுங்கள்!”

அந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு போட்டோவை மட்டும் மாற்றிப் பாருங்கள். பப்ஸ் படத்துக்கும் பொருந்தும், பிறந்தநாள் கேக்குக்கும் பொருந்தும், பேக்கரி என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஊறுகாய்க்கும் பொருந்தும். வேறு படத்துக்குப் பொருந்துகிற வரி, இந்தப் படத்துக்காக யாரையும் நிறுத்தாது. நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் முதலில் இந்தச் சோதனைக்குத்தான் உட்படுத்துகிறேன்.

இன்னொரு சிக்கல், இடம். இன்ஸ்டாகிராமில் மொத்தம் 2,200 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவருக்குப் படத்தின் கீழே தெரிவது முதல் ஓரிரு வரிகள்தான். சுமார் 125 எழுத்துகளோடு வெட்டுப்பட்டு `more` என்று நிற்கும். அந்த 125-ஐத் தமிழில் நம்பிவிடக் கூடாது. ‘கருப்பட்டி’ நமக்கு ஆறு எழுத்து. போனுக்கு அது பத்து. புள்ளியையும் உகரக் கொக்கியையும் இகரச் சுழியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. போதாததற்கு நம் எழுத்துகள் அகலமானவை, ஒரு வரியில் குறைவாகத்தான் கொள்ளும். ‘அன்பான வாடிக்கையாளர்களே’ என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் கொஞ்சம் இடம் போய்விடுகிறது. எங்கே வெட்டுகிறது என்பது போனுக்குப் போன் மாறும். அதனால் எண்ணிக்கொண்டிருப்பதைவிட, போஸ்ட் போட்டதும் இன்னொருவர் போனில் திறந்து பார்ப்பது மேல்.

கடைக்காரரிடம் வரியைப் பற்றிப் பேசவில்லை. பன்னைப் பற்றிக் கேட்டேன்.

“கருப்பட்டிய ஒடச்சு தண்ணி ஊத்திக் காய்ச்சோணுங்க தம்பி. அப்பறம் துணியில வடிகட்டோணும், அடியில மண்ணு நிக்கும். தேங்காப்பூவப் போட்டு நல்லாச் சுண்ட விடோணும். ஈரம் நின்னுச்சுன்னா பன்னு வெடிச்சு ட்ரேயில ஒழுகிப்போகும். சூட்டுல வெட்டுனாலும் பூரணம் வழிஞ்சிரும், அரை மணி நேரம் ஆறோணும்.”

“வந்து பார்க்கறவங்க முதல்ல என்ன கேக்கறாங்கண்ணா?”

“‘சாக்லேட் பன்னா?’ன்னுதான் கேக்கறாங்க. எல்லாருக்கும் அதே பதில்தான் சொல்லிட்டிருக்கறேன்.”

போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம். சுண்டிய கருப்பட்டி கரும்பழுப்பாகப் பளபளக்கிறது, தேங்காய்ப்பூவும் அந்த நிறத்தையே குடித்துவிட்டிருக்கிறது. தெரியாதவர் கண்ணுக்கு அது சாக்லேட்தான். சாக்லேட் பன் எல்லா பேக்கரியிலும் கிடைக்கும், எனவே விரல் நிற்காது. இந்தப் படத்தில் குறை அழகில் இல்லை. படம் தன்னைப் பற்றி ஒரு தப்பான சேதியைச் சொல்கிறது. முதல் வரி செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருந்தது.

அதற்குள் வேறு சில வரிகளும் வந்து போயின. “கருப்பட்டி பிடிக்குமா?” என்று ஒன்று. மனதுக்குள் ‘பிடிக்கும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், நிற்க வேண்டிய அவசியமே இல்லை. “உள்ளே என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்!” என்பது கடையில் வேலை பார்க்கும் பையனின் யோசனை. கமெண்ட் குவியலாம். ஆனால் நாலு தெரு தாண்டி வாங்க வருகிறவர்களை நம்பி நடக்கிற கடைக்கு, வெளியூரிலிருந்து வருகிற கமெண்ட்டால் ஒரு பன்கூட விற்காது. தவிர, ‘சாக்லேட்’ என்று யூகித்துவிட்டுப் போகிறவர் விடையைப் பார்க்கத் திரும்பி வரமாட்டார். அவருக்கு அது சாக்லேட் பன்னாகவே நின்றுவிடும்.

கடைக்காரரின் மகன் சொன்னதுதான் எனக்குக் கவலை தந்தது. “சர்க்கரை நோயாளிகளும் கவலையில்லாமல் சாப்பிடலாம்!” இந்த வரி நிச்சயம் ஆளை நிறுத்தும், அதுதான் ஆபத்து. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். பன்னோ மைதா. நம்பிச் சாப்பிடுகிறவருக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். உணவுப் பொருள் விளம்பரங்களில் பொய்யான உடல்நல வாக்குறுதி தரக் கூடாது என்று 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் தடுக்கின்றன. “அப்படீன்னா ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ன்னு போடலாமா?” என்று கேட்டார் மகன். மாஸ்டர் உடனே தலையை ஆட்டினார். பன் மாவில் சர்க்கரை சேர்க்கிறார்கள்! ‘பூரணத்தில் இல்லை’ என்று மட்டும் சொல்லலாம். அதை விளக்க ஆரம்பித்தால் அது முதல் வரியாக இருக்காது.

கடைசியில், கடைக்காரர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த பதிலையே எடுத்துக்கொண்டோம்.

“சாக்லேட் இல்லைங்க, கருப்பட்டி.”

போன் கணக்கில், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து, முப்பது எழுத்து. படத்தைப் பார்த்துக் கண் எடுத்த முடிவை அது மறுக்கிறது. மறுத்ததும் கண் திரும்பப் படத்துக்குப் போகும், இப்போது தேங்காய்ப்பூவைக் கவனிக்கும். ‘கருப்பட்டி’ என்ற சொல்லை `more` என்பதற்குப் பின்னால் ஒளித்துவைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டேன். அந்தச் சொல்தான் வாயில் ருசியைக் கொண்டுவருகிறது. ‘இல்லைங்க’ என்பதிலுள்ள ‘ங்க’வையும் எடுக்கவில்லை. அது போனால் கடைக்காரர் குரலும் போய்விடும். மிச்ச இடத்தில் இரண்டாவது வரி: “தேங்காய்ப் பூரணம் வைத்த பன். சாயங்காலம் 4 மணிக்குச் சூடாக.” விலையும் கடை இருக்கும் இடமும் அதற்குக் கீழே.

ஃபேஸ்புக்குக்கு மட்டும் வரியைத் திருப்பிப் போட்டோம். இன்ஸ்டாகிராமில் படம் மேலே, எழுத்து கீழே. ஃபேஸ்புக்கில் எழுத்துதான் மேலே. படத்தைப் பார்க்காதவரிடம் ‘சாக்லேட் இல்லைங்க’ என்றால், யார் சாக்லேட் என்று சொன்னார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அங்கே “கருப்பட்டி வைத்த தேங்காய் பன். பார்க்கத்தான் சாக்லேட் மாதிரி இருக்கும்” என்று எழுதி, பிறகு படத்தைப் பார்க்க விட்டோம்.

பலித்ததா என்று பார்க்க லைக்கை எண்ணவில்லை. சின்னக் கடைக்குக் கடைக்காரர் வீட்டுச் சொந்தபந்தமே பாதி லைக் போட்டுவிடும். கமெண்ட்டில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தோம். ‘சாக்லேட்டா?’ என்று யாராவது கேட்டால் முதல் வரி தோற்றுவிட்டது என்று அர்த்தம். ‘எப்போ கிடைக்கும்?’ என்றால் இரண்டாவது வரி வெட்டுப்பட்டிருக்கிறது. போஸ்ட் போட்ட பிறகும் எழுத்தைத் திருத்தலாம் என்பதால் அன்றைக்கே சரிசெய்துவிட முடியும். எங்களுக்கு இரண்டாவது கேள்விதான் வந்தது. மணியை முன்னால் கொண்டுவந்து, “சாக்லேட் இல்லைங்க, கருப்பட்டி. 4 மணிக்குச் சூடாக” என்று சுருக்கினோம்.

அடுத்த வாரம் கடைக்காரர் புதுப் படம் அனுப்பினார். அவனிலிருந்து இறக்கிய ட்ரே, வாசல் வெளிச்சத்தில், வெட்டாத முழுப் பன்கள். பூரணமே தெரியவில்லை, அதனால் மறுக்கவும் ஒன்றுமில்லை. பழைய வரியை அதன் கீழே போட்டிருந்தார். போனில் கூப்பிட்டு, சூட்டில் வெட்டினால் வழிந்துவிடும் என்று அன்றைக்குச் சொன்னீர்களே, அதை எழுதுங்கள் என்றேன். “இப்பவே பிய்க்காதீங்க, அரை மணி நேரம் பொறுங்க” என்று மாற்றிவிட்டு, சரியா என்று கேட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.